வாள் ஒரு பக்கம், கண் மறுபக்கம்: பேஜ் ஆஃப் ஸ்வார்ட்ஸ் சீட்டை வேவுக்காரன் என்று படிக்கும் முன்

டாரட் ஆலோசனைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் எனக்கு மிகுந்த அச்சம் தருவது, "நான் சொன்னதை வெளியே கொண்டுபோனது யார்?" என்பதுதான். இப்படிக் கேட்பவரின் மனத்தில் பெரும்பாலும் ஒரு பெயர் முன்பே இருக்கும். அந்த நேரத்தில் பேஜ் ஆஃப் ஸ்வார்ட்ஸ் விழுந்து, சீட்டுப் பார்ப்பவரும் அதை ஒற்றன், வேவுக்காரன், துரோகி என்று அவசரப்பட்டுப் படித்துவிட்டால், வீட்டில் உள்ள ஓர் இளையவர் மீது அன்று மாலையே பழி விழுந்துவிடும். அப்படிப் பழி சுமந்தவர்களை நான் பார்த்திருப்பதால், இந்த ஒரு சீட்டை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை நிதானமாக எழுத நினைக்கிறேன்.

வேவு என்ற பொருள் ஆதாரமில்லாமல் வந்ததன்று. இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் சீட்டுக்கட்டு, ஆர்தர் எட்வர்ட் வெயிட்டின் திட்டப்படி பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909-இல் லண்டனில் வெளியானது. அந்தச் சீட்டுகளுக்கு விளக்கம் எழுதிய வெயிட், இதற்கு மேற்பார்வை, விழிப்பு, ஆராய்தல் ஆகியவற்றோடு வேவு பார்த்தலையும் பொருளாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் சீட்டு தலைகீழாக விழும்போது அவர் தரும் பொருள்களில், எதிர்பாராதது, ஆயத்தமில்லாத நிலை ஆகியவையும் இருக்கின்றன. வேவு என்ற சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டவர்கள் இந்த ஆயத்தமின்மையைக் கவனிப்பதில்லை. என் அனுபவத்தில், செய்தி கசிந்த கேள்விகளுக்கு விடை அங்கேதான் பெரும்பாலும் இருக்கிறது.

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். மேடுபள்ளமான நிலத்தில் ஓர் இளையவர் நிற்கிறார். காற்றில் தலைமுடி பறக்கிறது, பின்னால் மேகங்கள் திரண்டிருக்கின்றன, வானத்தில் பறவைகள் கூட்டமாகப் போகின்றன. இரண்டு கைகளாலும் வாளை உயர்த்திப் பிடித்திருக்கிறார்; முகமோ வாளுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. மற்ற மூன்று பேஜ்களையும் பக்கத்தில் வைத்தால் இதன் பொருள் விளங்கும். கோப்பையை ஏந்தியவர் கோப்பைக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் மீனைப் பார்க்கிறார், நாணயத்தை ஏந்தியவர் நாணயத்தைப் பார்க்கிறார், கோலைப் பிடித்தவர் கோலின் நுனியை அண்ணாந்து பார்க்கிறார். நால்வரில் தன் கையில் இருப்பதைப் பார்க்காதவர் இவர் ஒருவர்தான்.

டாரட் மரபில் வாள் என்பது சிந்தனையையும் சொல்லையும் குறிக்கும். அதன் பூதம் காற்று. பேஜ் என்பவர் பெரிய வீட்டில் பணிவிடை செய்து, செய்தி சுமந்து, ஆயுதப் பயிற்சியைத் தொடங்கியிருக்கும் பிள்ளை. ஆகவே இந்தச் சீட்டில் இருப்பவர் சொல்லைக் கையாளத் தொடங்கியிருக்கிறாரே தவிர அதன் கூர்மையை இன்னும் அறியாதவர். அவருடைய கவனமெல்லாம் அடுத்து என்ன வரப்போகிறது, யார் என்ன சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது. அந்த ஆவலில் திரும்பும்போது கையிலுள்ள வாள் யார்மீது படுகிறது என்பதை அவர் பார்ப்பதில்லை. காற்றுவாக்கில் வந்த செய்தி என்று நாம் சொல்வது இந்தச் சீட்டுக்கு அப்படியே பொருந்துகிறது.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். வந்தவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, உறவையும் நடந்த வரிசையையும் மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன். ஒரு பெண்ணுக்கு வேறொரு நிறுவனத்தில் வேலை உறுதியாகியிருந்தது. நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை இப்போதைய அலுவலகத்தில் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தார். சனிக்கிழமை இரவு வீட்டில் நான்கு பேரிடம் சொன்னார். திங்கட்கிழமை நண்பகலில் மேலாளர் அவரை அழைத்து, "நீங்கள் போகப்போகிறீர்களாமே?" என்று கேட்டுவிட்டார். நாத்தனார்தான் வேண்டுமென்றே சொல்லியிருப்பார் என்ற உறுதியோடு என்னிடம் வந்தார்.

யார் என்ற கேள்விக்கு நான் சீட்டு எடுப்பதில்லை. கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன்: செய்தி எந்த மனநிலையில் வெளியேறியது, எப்படிப் பரவியது, எந்த இடம் காவலில்லாமல் இருந்தது. முதலிடத்தில் பேஜ் ஆஃப் ஸ்வார்ட்ஸ் நேராகவும், இரண்டாமிடத்தில் எயிட் ஆஃப் வாண்ட்ஸ் நேராகவும், மூன்றாமிடத்தில் ஹை பிரீஸ்டஸ் தலைகீழாகவும் விழுந்தன.

நடுச்சீட்டிலிருந்துதான் தொடங்கினேன். எயிட் ஆஃப் வாண்ட்ஸ் சீட்டில் மனித உருவமே கிடையாது. எட்டுக் கோல்கள் வானத்தில் ஒரே திசையில் பறக்கின்றன, அவ்வளவுதான். யாரும் உட்கார்ந்து திட்டமிடும் சாயல் அதில் இல்லை, வேகம் மட்டுமே இருக்கிறது. சனி இரவுக்கும் திங்கள் நண்பகலுக்கும் இடையே முழுதாக இரண்டு நாள்கூட இல்லை. பகையால் சொல்ல நினைப்பவர் பொதுவாகத் தருணம் பார்ப்பார், யாரிடம் சொன்னால் உறைக்கும் என்று யோசிப்பார். இந்தச் செய்தியோ விடுமுறை நாளைத் தாண்டி மூன்றாம் நாளே போய்ச் சேர்ந்திருக்கிறது. அதனால் அவரிடம், "அன்று இரவு உங்களிடம் அதிகமாகக் கேள்வி கேட்டவர் யார்?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, கல்லூரியில் படிக்கும் தம்பிதான் என்றார். எந்த நிறுவனம், என்ன பதவி, எப்போது சேர வேண்டும், இங்கே எப்போது சொல்வாய் என்று அடுக்கிக்கொண்டே போனானாம். நாத்தனார் வாழ்த்துச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

தலைகீழாக விழுந்த ஹை பிரீஸ்டஸ் அவருக்குச் சங்கடம் தந்தது. நேராக இருக்கும்போது அந்தச் சீட்டில் ஒரு பெண் இரண்டு தூண்களுக்கு நடுவே அமர்ந்திருப்பார். மடியிலுள்ள சுருளின் ஒரு பகுதியை மேலாடை மறைத்திருக்கும். எவ்வளவு காட்டுவது, எவ்வளவு மறைப்பது என்பதை அறிந்தவர் அவர். அது கவிழ்ந்திருந்ததால், "இது வெளியே போகக் கூடாது என்று அன்று இரவு வாய்விட்டுச் சொன்னீர்களா?" என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பெரியவர்கள் மூவருக்கும் அது சொல்லாமலே விளங்கியது. தம்பிக்கு அது அக்காவைப் பற்றிய பெருமையான செய்தி, அவ்வளவே. பிறகு அவர் வீட்டில் விசாரித்தபோது, தம்பி ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நண்பன் ஒருவனிடம் சொன்னதும், அந்த நண்பனின் உறவினர் அதே அலுவலகத்தில் இருந்ததும் தெரிந்தன.

இங்கே ஓர் எல்லையைச் சொல்லியாக வேண்டும். தம்பி என்பதைச் சீட்டு காட்டவில்லை. சீட்டு ஒரு நடத்தையைச் சொன்னது. அந்த நடத்தை அன்று யாரிடம் இருந்தது என்பதைக் கேட்டறிந்தோம், உறுதிசெய்தது அவனுடைய வாய்மொழி. பேஜ் என்றால் வயது குறைந்தவர் என்றுகூட நான் முடிவுகட்டுவதில்லை. ஒரு துறைக்குப் புதிதாக வந்த ஐம்பது வயதுக்காரரும், கேட்டதை உடனே பகிராவிட்டால் இருப்புக்கொள்ளாத எவரும் இந்தச் சீட்டில் அடங்குவார்கள். முடியின் நிறத்தையும் தோற்றத்தையும் வைத்து ஆளைத் தேடும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

இதே இடத்தில் செவன் ஆஃப் ஸ்வார்ட்ஸ் விழுந்திருந்தால் நான் வேறு மாதிரி படித்திருப்பேன். அந்தச் சீட்டில் ஒருவன் கூடாரங்களின் பக்கத்திலிருந்து ஐந்து வாள்களை அள்ளிக்கொண்டு நுனிக்காலில் நழுவுகிறான். இரண்டு வாள்கள் நிலத்தில் நிற்கின்றன. அவனும் திரும்பித்தான் பார்க்கிறான், ஆனால் தான் எதை எடுத்தோம், எங்கிருந்து எடுத்தோம் என்று தெரிந்த பார்வை அது. எனவே இந்த இரண்டு சீட்டுகளுக்கு நடுவே ஐயம் வரும்போது, செய்தி வெளியே போனதால் யாருக்கு என்ன ஆதாயம் என்று கேட்கிறேன். பேஜ் சொல்லிவிட்டதால் அவருக்குக் கிடைப்பது, முதலில் சொன்னவர் என்ற சில நிமிட மகிழ்ச்சி மட்டுமே. இன்னொரு அடையாளமும் உண்டு: கேட்டால் பேஜ் பெரும்பாலும் உடனே ஒப்புக்கொள்வார், ஏனென்றால் தான் செய்தது தவறு என்பதே அந்தக் கணம்வரை அவருக்குத் தோன்றியிருக்காது. பேஜும் செவனும் ஒரே விரிப்பில் சேர்ந்து விழுவதும் உண்டு. அப்போது ஒருவர் யோசிக்காமல் சொன்னதை இன்னொருவர் யோசித்துப் பயன்படுத்தியிருக்கிறாரா என்று பார்க்கிறேன்.

பேஜ் ஆஃப் ஸ்வார்ட்ஸ் தலைகீழாக விழும்போது, செய்தி வெளியே போனதோடு அது திரிந்தும் போயிருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்கிறேன். பாதி கேட்டதை முழுதாக்கிச் சொல்வது இந்த ஆவலின் இன்னொரு முகம். அந்தச் சமயத்தில், மூன்றாமவர் காதுக்கு எட்டியது என்ன சொற்களில் எட்டியது என்பதை முதலில் கேட்டு வரச் சொல்கிறேன். சண்டையே இல்லாத செய்திக்காகச் சண்டை போடுவது அதனால் தவிர்க்கப்படும்.

அந்தப் பெண் தம்பியிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டார். "ஏன் சொன்னாய்?" என்று தொடங்க வேண்டாம் என்றேன். ஏன் என்பதற்கு அவனிடம் பதில் இருக்காது. பதில் தேடும் பதற்றத்தில் பொய் பிறக்கும். "யாரிடம் சொன்னாய், என்னவெல்லாம் சொன்னாய்?" என்று கேட்டால், எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது தெரியும், சம்பளத்தைச் சொன்னானா, சேரும் நாளைச் சொன்னானா என்பதெல்லாம் அவருக்கு அப்போது உண்மையாகவே தேவைப்பட்ட தகவல்கள். அதற்குப் பிறகு, அந்த ஒரு வாக்கியம் அலுவலகத்தில் என்ன செய்தது என்பதை அவனிடம் நடந்தபடியே சொல்லச் சொன்னேன். கையிலுள்ள வாளின் பக்கம் அவன் முகத்தைத் திருப்ப எனக்குத் தெரிந்த வழி அது. இனி உன்னிடம் எதையும் சொல்லமாட்டேன் என்று மட்டும் முடித்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். விலக்கிவைக்கப்பட்ட பேஜ், ஒட்டுக்கேட்கத் தொடங்குவார். வெயிட் எழுதிய வேவு அப்போதுதான் உண்மையாகும்.

அவர் எழுந்திருக்கும் முன் மேசையில் இருந்த மூன்று சீட்டுகளையும் படமெடுக்கக் கைபேசியை எடுத்தார். தோழி ஒருவருக்கு அனுப்பி நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றார். இன்னும் தம்பியிடமே பேசவில்லையே என்று நினைவூட்டினேன். முதல் சீட்டைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, படமெடுக்காமல் கைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.