“சில்லி மிஸ்டேக் சார்” என்று எழுதுவதை முதலில் நிறுத்துங்கள்

நீட் பயிற்சி எழுதும் பிள்ளைகளின் பிழைத்திருத்த நோட்டுகளைத் திருத்தித் திருத்திக் கண் பூத்துப்போகிறது. பக்கத்துக்குப் பக்கம் ஒரே வார்த்தைதான்: சில்லி மிஸ்டேக். வினா எண், சரியான விடை, பக்கத்தில் சிவப்பு மையில் ‘சில்லி’. வினா வங்கியிலிருந்து இருநூறு கேள்வி போட்டு, அதில் அறுபது தப்பாகி, அந்த அறுபதில் நாற்பதுக்கு இந்த முத்திரை குத்தியிருந்தால், அந்த நோட்டால் ஒரு பயனும் இல்லை. அடுத்த தேர்விலும் அதே நாற்பது வேறு உடுப்பில் வந்து நிற்கும்.

தப்பான விடையில் நாம் பார்க்க வேண்டியது சரியான விடை எது என்பதை அல்ல. அதுதான் விடைத்தாளிலேயே அச்சாகியிருக்கிறதே. பிள்ளை எந்த ஆப்ஷனைத் தொட்டான், ஏன் தொட்டான் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒழுங்காகக் கேள்வி தயாரிக்கிறவர்கள் தப்பான மூன்று ஆப்ஷன்களைச் சும்மா எழுதுவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தவறைச் செய்தால் வந்து சேரும் இடம்.

எளிமையான ஒரு கணக்கைப் பாருங்கள். 2 கிலோ நிறையுள்ள பொருள் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, இயக்க ஆற்றல் எத்தனை ஜூல்? ஆப்ஷன்கள் 100, 200, 1296, 20. விடை 100. வேகத்தை நொடிக்கு 10 மீட்டர் என்று மாற்றாமல் 36-ஐ அப்படியே போட்டவனுக்கு 1296 வரும். ½-ஐ விட்டவனுக்கு 200. ஆற்றலுக்குப் பதில் உந்தத்தைக் கண்டுபிடித்தவனுக்கு 20. மூன்று பேருக்கும் ஒரே கேள்விதான் தப்பு, மூன்று பேரும் நோட்டில் ‘சில்லி’ என்றுதான் எழுதுவார்கள். ஆனால் முதல் பையனுக்கு வேண்டியது அலகு மாற்றும் பழக்கம். மூன்றாமவனுக்கோ ஆற்றலும் உந்தமும் மனத்தில் இன்னும் பிரியவே இல்லை, அவனுக்கு அந்தப் பாடத்தையே மறுபடி எடுக்க வேண்டும்.

ஆகவே நோட்டில் எழுத வேண்டியவை: வினா எண், தொட்ட ஆப்ஷன், ‘இதைத் தொட்டதற்குக் காரணம்’ என்று ஒரே ஒரு வரி. அந்த வரியை விளக்கத்தைப் படிப்பதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். விளக்கத்தைப் படித்த மறுநொடியே ‘அட, இது எனக்குத் தெரியுமே’ என்ற நினைப்பு வந்துவிடும். அதன் பிறகு எழுதும் எந்தக் காரணமும் உண்மையான காரணமாக இருக்காது. சில்லி மிஸ்டேக் என்ற பேச்சு பிறக்கிற இடமே அதுதான்.

விடை போடும்போதே, உறுதியாகத் தெரிந்ததற்கு ஒரு புள்ளி, யூகித்ததற்கு ஒரு கேள்விக்குறி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான்கு ஆப்ஷன் உள்ள 20 கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே சராசரியாக 5 சரியாகிவிடும். அந்த ஐந்தும் ஓட்டைகள்தான், மார்க் அவற்றை மூடிவைக்கிறது. கேள்விக்குறி போட்டுச் சரியானதும் நோட்டுக்குள் வரட்டும். புள்ளி வைத்தும் தப்பானதை முதலில் எடுங்கள். தெரியாததைச் சொல்லிக்கொடுத்துவிடலாம், தப்பாகத் தெரிந்துவைத்திருப்பதைப் பிடுங்கத்தான் நாளாகும்.

அடுத்தது, பாடவாரியாக எண்ணுகிற பழக்கம். இயக்கவியலில் 4 தப்பு, அலைவுகளில் 3 தப்பு என்று அட்டவணை போட்டு, அந்தப் பாடங்களை மறுபடி படிக்கச் சொல்லி அனுப்புவது. ஒரு நோட்டில் இருக்கக்கூடிய மூன்று தப்புகளை அருகருகே வைக்கிறேன்:

மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும்போது முடுக்கம் என்ன? ‘சுழி’ என்று போட்டிருக்கிறான்.
தனிச்சீரிசை இயக்கத்தில் பொருள் கடைக்கோடியில் இருக்கும்போது முடுக்கம்? ‘சுழி.’
மாறுதிசை மின்சுற்றில், மின்தூண்டியில் மின்னோட்டம் சுழியாகும் நொடியில் தூண்டப்பட்ட மின்னியக்கு விசை? ‘சுழி.’

அட்டவணையில் பார்த்தால் மூன்று வெவ்வேறு பாடம், ஒன்றுக்கு ஒரு தப்பு, கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம் போலிருக்கும். காரண வரியைப் பாருங்கள்: ‘அங்கே நின்றுவிடுகிறது’, ‘வேகம் சுழி’, ‘கரண்ட் இல்லை’. மூன்றும் ஒரே ஓட்டை. ஓர் அளவு சுழியாவதையும் அது மாறும் வீதம் சுழியாவதையும் பையன் ஒன்றாக நினைக்கிறான். உச்சியில் பந்தின் திசைவேகம் சுழி, முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 9.8 m/s². கடைக்கோடியில் முடுக்கம் பெருமம். மின்னோட்டம் சுழியைக் கடக்கும்போதுதான் அது மிக வேகமாக மாறுகிறது, அதனால் மின்னியக்கு விசையும் அங்கே பெருமம். மூன்று பாடத்தையும் மூன்று தடவை படித்தாலும் இது சரியாகாது, ஏனென்றால் எந்தப் பாடத்திலும் இதற்கென்று ஒரு தலைப்பு இல்லை.

மருந்து சின்னது. பந்தின் திசைவேகம்–நேரம் வரைபடத்தைப் பிள்ளையையே வரையச் சொல்லுங்கள். சாய்ந்த நேர்கோடு அச்சை வெட்டிக்கொண்டு கீழே போகும். வெட்டுகிற இடத்தில் கோடு படுத்துவிட்டதா என்று கேளுங்கள். படுக்கவில்லை, சாய்வு அப்படியேதான் இருக்கிறது. அடுத்து மின்னோட்டத்தின் சைன் அலை. அச்சை வெட்டும் இடத்தில்தான் மிகச் செங்குத்தாக இருக்கிறது. விரல் வைத்துக் காட்டச் சொன்னால் போதும்.

உயிரியலில் வேறு விதமான சறுக்கல். ‘தவறான கூற்று எது’ என்ற கேள்வியில் சரியான கூற்றைத் தொட்டுவிட்டு, ‘தவறான என்பதைக் கவனிக்கவில்லை’ என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம், சாக்காகவும் இருக்கலாம். சோதிக்க ஒரு நிமிடம் போதும்: நான்கு கூற்றுகளுக்கும் தனித்தனியாகச் சரி, தவறு போடச் சொல்லுங்கள். நான்கும் ஒழுங்காக வந்தால் படித்ததில் பிழை, அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுப் பழகினால் தீரும். ஒன்று பிசகினாலும் அது அறிவில் உள்ள ஓட்டை.

கூற்று–காரணம் கேள்விகளில் தப்பு பெரும்பாலும் தர்க்கத்தில்தான். கூற்று: பாலூட்டிகளின் முதிர்ந்த இரத்தச் சிவப்பணுவில் உட்கரு இல்லை. காரணம்: அதில் ஹீமோகுளோபின் உள்ளது. இரண்டும் உண்மைதான். இரண்டும் உண்மை என்றதும் ‘சரியான விளக்கம்’ என்று போட்டுவிடுகிறார்கள். காரணம் மட்டும் இருந்து கூற்று இல்லாத இடம் உண்டா என்று தேடச் சொல்லுங்கள். பறவையின் சிவப்பணுவில் ஹீமோகுளோபினும் உண்டு, உட்கருவும் உண்டு. அப்படியானால் அது விளக்கம் ஆகாது.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். வகுப்பே ஒரே தப்பான ஆப்ஷனைத் தொட்டிருந்தால், பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன் நீங்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வினா வங்கிகளில் விடைக்குறிப்பே தப்பாக இருப்பது அபூர்வமல்ல. குறிப்பு சரி என்று உறுதியானால், வகுப்பில் நடத்திய விதத்தில் ஏதோ பிசகியிருக்கிறது.

பெற்றோர்களே, அறுபது தப்பு என்ற எண்ணைப் பார்த்து அன்று இரவே பிள்ளையை உலுக்க வேண்டாம். காரண வரியில் பயம் கலந்தால் அது பொய்யாகிவிடும், பிறகு யாராலும் அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

சரியாயிற்றா என்று பார்க்க அதே கேள்வியை மறுபடி கொடுக்காதீர்கள், விடை நினைவில் இருக்கும். நான்கு நாள் கழித்து, அதே கருத்தில் உடுப்பு மாற்றிய மூன்று கேள்வி கொடுங்கள். மேற்சொன்ன பையனுக்கென்றால், ஊசலின் கடைக்கோடியில் குண்டின் மீதான நிகர விசை சுழியா, மின்தேக்கியும் மின்தூண்டியும் மட்டும் உள்ள சுற்றில் மின்தேக்கியின் மின்னூட்டம் சுழியாகும்போது மின்னோட்டமும் சுழியா என்பது போல. மூன்றும் சரி, காரண வரியும் சரி என்றால் நோட்டில் அந்த வரியை அடித்துவிடலாம். ஒன்று தப்பினாலும் அடிக்காதீர்கள், அடுத்த வாரம் வேறு மூன்று கொடுங்கள்.