செய்திமடல் விளம்பரம் எத்தனை ஆர்டர் தந்தது?

செய்திமடல் நடத்துபவர் விளம்பர விலை பேசும்போது முதலில் சொல்வது ஓப்பன் ரேட்டைத்தான். 40,000 பேருக்குப் போகிறது, பாதிப் பேர் திறக்கிறார்கள் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று தெரிந்தால், அதை நம்பிப் பணம் கட்ட மனம் வராது.

மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் படம் இருக்கும். அது அனுப்பியவரின் சர்வரிலிருந்து இறங்கினால் 'திறந்தார்' என்று பதிவாகும். 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 உடன் ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. அதை இயக்கியவர் மடலைப் படிக்காவிட்டாலும் படங்களை ஆப்பிளின் சர்வர்களே முன்கூட்டி இறக்கிவிடும். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. மடல் சுமார் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் அதன் வாலை வெட்டிவிடும். பிக்சல் வாலில் இருந்தால், படித்தவரும் கணக்கில் விழமாட்டார்.

சரி, வேறு எதை வைத்து அளப்பது? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இணையத்தில் காபிப் பொடி விற்கும் ஒரு கடை, ₹60,000 கொடுத்து ஒரு செய்திமடலில் விளம்பரம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மடலுக்கு மட்டுமான லிங்க் ஒன்றைக் கடை தயார் செய்கிறது:

```
https://example.com/podi?utm_source=kaalai&utm_medium=newsletter&utm_campaign=2025-03-11&utm_content=text
```

விளம்பரத்தின் படத்துக்கும் இதே லிங்க்தான், கடைசிச் சொல் மட்டும் `image`. இந்தச் சின்ன வேறுபாடு ஏன் என்பது க்ளிக் வந்த நேரத்தைப் பார்க்கும்போது தெரியும்.

மடல் காலை 7 மணிக்குப் போகிறது. கடையின் சர்வர் பதிவில் மொத்தம் 610 க்ளிக். அதில் 240 முதல் ஒரு நிமிடத்துக்குள் வந்தவை. அத்தனை பேர் அவ்வளவு வேகமாகவா படித்தார்கள்? பல அலுவலகங்களின் மெயில் பாதுகாப்பு மென்பொருள், மடல் பெட்டிக்குள் வரும்போதே அதிலுள்ள லிங்க்குகளைத் தொட்டுச் சோதிக்கும். மனிதர் படத்தையோ எழுத்தையோ ஒன்றைத்தான் அழுத்துவார். மென்பொருள் இரண்டையும் ஒரே நொடியில் தொடும். பதிவில் 120 ஜோடிகள் அப்படியே, ஒரே முகவரியிலிருந்து வந்து, பக்கத்தில் எதையும் செய்யாமல் போயிருக்கின்றன. அவற்றைக் கழித்தால் மிச்சம் 370. இவை காலையில் குவிந்து, மதியம் குறைந்து, மறுநாளும் சொட்டுச் சொட்டாக வந்தவை. மனிதர்கள் மெயில் பார்க்கும் விதம் அதுதான். முதல் நிமிடத்தில் வந்தது என்பதற்காக மட்டும் எதையும் கழிக்கக் கூடாது. சில வாசகர்கள் உண்மையிலேயே காத்திருந்து திறப்பார்கள்.

இரண்டு வாரத்தில் அந்த லிங்க் வழியே வந்த ஆர்டர் 11. ஒரு புது வாடிக்கையாளர் மூலம் கிடைக்கும் லாபம் ₹3,200 என்றால், ஆளுக்குச் சுமார் ₹5,450 செலவழித்தது நஷ்டம். பலர் இந்த இடத்திலேயே விளம்பரத்தை நிறுத்திவிடுகிறார்கள். அது அவசரம் என்பேன். காலையில் பேருந்தில் போனில் படித்தவர், இரவில் கணினியில் கடையின் பெயரைத் தேடி வாங்குவார். லிங்க்குக்கு அவரைத் தெரியாது.

அவரைப் பிடிக்கத்தான், பணம் கட்டி முடித்தபின் வரும் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: 'எங்களைப் பற்றி முதலில் எங்கே கேள்விப்பட்டீர்கள்?' விடைகளின் வரிசை ஆளுக்கு ஆள் மாறி வர வேண்டும். இல்லாவிட்டால் முதலில் இருப்பதையே தட்டிவிட்டுப் போவார்கள். லிங்க் வழியே வராத ஆர்டர் 289. அதில் 173 பேர் பதில் சொன்னார்கள். 12 பேர் அந்தச் செய்திமடலைக் குறித்தார்கள்.

ஆனால் 12-ஐ அப்படியே சேர்க்க முடியாது. கேள்வியும் விடைகளும் விளம்பரத்துக்கு இரண்டு வாரம் முன்பே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஏறக்குறைய அதே அளவு பதில்கள் வந்த அந்த நாட்களிலேயே 3 பேர் இந்த மடலைக் குறித்திருந்தால், அது ஞாபகப் பிழையின் அளவு. அதைக் கழித்தால் 9. பதில் சொல்லாதவர்களும் இதே விகிதம் என்று கொண்டால் சுமார் 15. ஆக, லிங்க்கையும் சேர்த்து மொத்தம் 20-லிருந்து 26 ஆர்டர். ஆளுக்கு ஆன செலவு ₹3,000-லிருந்து ₹2,300 வரை. நஷ்டமாகத் தெரிந்தது லாபப் பக்கம் வந்துவிட்டது.

20 ஆர்டர் என்ற குறைந்தபட்சக் கணக்கில் லாபம் மெல்லியதுதான். இருபது ஆர்டர் என்பது தற்செயலாகவே நாலைந்து கூடக் குறைய வரக்கூடிய எண். அதனால் இந்தக் கடைக்காரர் உடனே ஆண்டு ஒப்பந்தம் போடமாட்டார். அதே மடலில், புது தேதியிட்ட லிங்க்கோடு, இன்னும் ஒரு முறை போட்டுப் பார்ப்பார்.