ரசீது ஏன் ஸ்பேமுக்குப் போனது?

ஒரு தனியார் பள்ளிக்காக நாங்கள் எழுதிக் கொடுத்த சின்ன செயலி அது. பெற்றோர் கட்டணம் கட்டியதும் ரசீதை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். செயலி அமேசான் கிளவுடின் மும்பை மையத்தில் ஓடியது. முதல் நாளே பள்ளி அலுவலகத்திலிருந்து போன்: "சார், ரசீது யாருக்கும் வரலைங்கிறாங்க." பார்த்தால் உண்மையிலேயே எதுவும் வெளியே போகவில்லை. சர்வரின் பதிவேட்டில் வரிசையாக `Connection timed out` என்று மட்டும் இருந்தது.

அதற்குக் காரணம் எங்கள் நிரலில் இல்லை. ஒரு மெயில் சர்வர் இன்னொன்றுக்கு மெயில் தரும் வாசல் போர்ட் 25. கிளவுடில் யார் வேண்டுமானாலும் பத்து நிமிடத்தில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, லட்சம் குப்பை மெயில் அனுப்பிவிட்டு, சர்வரைக் கைகழுவிவிட்டுப் போய்விடலாம். அந்த ஐபி முகவரி அடுத்து வாடகைக்கு வருபவர் தலையில் விழும். கெட்ட பேரும் சேர்ந்தே விழும். அதனால்தான் அமேசான் தன் சர்வர்களிலிருந்து வெளியே செல்லும் போர்ட் 25-ஐ ஆரம்பத்திலேயே அடைத்து வைத்திருக்கிறது. கூகுள் கிளவுடும் அதே வாசலை அடைத்திருக்கிறது. கேட்டுத் திறந்து வாங்க அமேசானில் வழி உண்டு. ஆனால் திறந்தாலும் பெரிதாகப் பயனில்லை. முன்பின் தெரியாத கிளவுட் ஐபியிலிருந்து வரும் மெயிலை எதிர்முனை சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும்.

எனவே மெயில் அனுப்புவதையே தொழிலாகக் கொண்ட சேவை ஒன்றிடம் வேலையை ஒப்படைப்பதுதான் வழக்கம். நாங்கள் அமேசானின் எஸ்.இ.எஸ். சேவையை எடுத்துக்கொண்டோம். செயலி போர்ட் 587 வழியாக அதனிடம் மெயிலைக் கொடுக்கும். மீதியை அது பார்த்துக்கொள்ளும். அனுப்புநர் முகவரியாக `fees@example.com` என்று வைத்துக்கொள்வோம் (பள்ளியின் உண்மையான டொமைனை இங்கே போடவில்லை). அந்த முகவரிக்கு வந்த சரிபார்ப்பு லிங்க்கை அழுத்தினோம், மெயில் பறக்க ஆரம்பித்தது. இப்போது ரசீது போய்ச் சேர்ந்தது. ஆனால் எல்லாம் ஸ்பேம் பெட்டிக்குள்.

இந்த மாதிரி நேரத்தில் ஊகிப்பதை விட்டுவிட்டு, வந்து சேர்ந்த ஒரு மெயிலை ஜிமெயிலில் திறந்து `Show original` அழுத்திப் பார்ப்பதுதான் நல்லது. எங்களுடையதில் முக்கியமான வரிகள் இவை:

```
dkim=pass header.i=@amazonses.com
spf=pass smtp.mailfrom=...@ap-south-1.amazonses.com
dmarc=fail (p=QUARANTINE) header.from=example.com
```

இரண்டில் தேறி, மூன்றாவதில் தோல்வி. முதலில் எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. எஸ்.பி.எஃப். சரி, டிகிம் சரி, பிறகு என்ன கேடு?

விடை, ஒரு மெயிலில் அனுப்புநர் முகவரி இரண்டு இருக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது. தபாலை நினைத்துக்கொள்ளுங்கள். உறையின் மேல் ஒரு அனுப்புநர் முகவரி. கடிதம் போய்ச் சேராவிட்டால் அந்த முகவரிக்குத் திருப்பி அனுப்புவார்கள். உள்ளே கடிதத்தின் தலையில் இன்னொரு அனுப்புநர் பெயர். படிப்பவர் பார்ப்பது உள்ளே இருப்பதை மட்டும்தான். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மெயில் நெறிமுறை எங்கும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் "உங்கள் வங்கியிலிருந்து" என்று யாரோ ஒருவர் எழுத முடிகிறது.

எஸ்.பி.எஃப். பார்ப்பது உறையை. உறையில் எந்த டொமைன் இருக்கிறதோ, இணையத்தின் பொது விலாசப் புத்தகமான டி.என்.எஸ்.-இல் அதன் பேரில் உள்ள பதிவில் "என் பெயரில் மெயில் அனுப்ப இந்தச் சர்வர்களுக்கு அனுமதி" என்று ஒரு பட்டியல் இருக்கும். மெயில் கொண்டுவந்த ஐபி அந்தப் பட்டியலில் இருந்தால் தேர்ச்சி. எங்கள் மெயிலின் உறையில் இருந்தது அமேசானின் டொமைன். கொண்டுவந்ததும் அமேசானின் சர்வர். அவர்கள் பட்டியலில் அவர்கள் இல்லாமல் போவார்களா?

டிகிம் பார்ப்பது கடிதத்தின் மேல் வைத்த அரக்கு முத்திரையை. அனுப்பும் சேவை மெயிலின் உடலையும் அனுப்புநர், பொருள், தேதி போன்ற தலைப்பு வரிகளையும் சேர்த்து ஒரு சுருக்க எண்ணாக்கி, தன் ரகசியச் சாவியால் கையெழுத்திட்டு மெயிலோடு ஒட்டிவிடும். அதற்கு இணையான பொதுச் சாவி டி.என்.எஸ்.-இல் கிடக்கும். பெறுபவர் அதை எடுத்துச் சோதிப்பார். வழியில் ஒரு எழுத்து மாறினாலும் முத்திரை உடைந்ததாகத் தெரிந்துவிடும். எங்கள் மெயிலிலும் முத்திரை ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் அது அமேசானின் முத்திரை, பள்ளியின் முத்திரை அல்ல.

ஆக இரண்டு சோதனையும் "அமேசான் உண்மையிலேயே அமேசான்தான்" என்று நிரூபித்தனவே தவிர, உள்ளே பெயர் போட்டிருக்கும் பள்ளியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இந்த இடைவெளியைக் கேள்வி கேட்பதுதான் டிமார்க். படிப்பவர் கண்ணில் படும் டொமைனோடு, எஸ்.பி.எஃப். தேறிய டொமைனோ டிகிம் தேறிய டொமைனோ ஏதாவது ஒன்றாவது பொருந்துகிறதா என்று பார்க்கும். பொருந்தாவிட்டால் என்ன செய்யலாம் என்பதை டொமைனின் சொந்தக்காரரே எழுதி வைக்கலாம். பள்ளியின் இணையதளத்தை முன்பு பார்த்துக்கொண்டவர் `p=quarantine` என்று எழுதி வைத்திருந்தார். அதாவது, ஸ்பேமில் தள்ளு. ஜிமெயில் சொன்னதைச் செய்தது.

இதைச் சரிசெய்ய, முகவரியை மட்டும் சரிபார்த்தால் போதாது, டொமைனையே எஸ்.இ.எஸ்.-இல் பதிய வேண்டும். பதிந்ததும் அது மூன்று சிநேம் பதிவுகளைத் தரும், அதாவது வேறொரு பெயருக்குக் கை காட்டும் வரிகள். அவற்றை நம் டி.என்.எஸ்.-இல் போட வேண்டும். ரகசியச் சாவி அமேசானிடம் இருக்கும், நம் டி.என்.எஸ். "பொதுச் சாவியை அங்கே போய்க் கேள்" என்று கை மட்டும் காட்டும். அவர்கள் சாவியை மாற்றும்போது நாம் எதையும் தொட வேண்டியதில்லை.

நாங்கள் இதிலும் ஒரு முறை சறுக்கினோம். டொமைன் விற்றவரின் டி.என்.எஸ். பக்கத்தில் பதிவின் பெயரை முழுதாக ஒட்டினோம். அந்தப் பக்கமோ தானாகவே பின்னால் டொமைனைச் சேர்க்கும் ரகம். பதிவு `..._domainkey.example.com.example.com` என்று பிறந்திருந்தது. திரையில் பச்சைக் குறி வேறு காட்டியது! ஒரு நாள் காத்திருந்தும் எஸ்.இ.எஸ். டொமைனை ஏற்காததால் கட்டளை வரியில் கேட்டுப் பார்த்தோம்:

```
dig +short CNAME abcd._domainkey.example.com
```

பதிலாக `abcd.dkim.amazonses.com.` வர வேண்டும். வெறுமையாக வந்தது. பெயரில் `abcd._domainkey` வரை மட்டும் வைத்துவிட்டு மீதியை வெட்டியதும் சரியானது.

எஸ்.பி.எஃப்.-க்கு நிறையப் பேர் செய்யும் வேலை, டொமைனின் பதிவில் `include:amazonses.com` சேர்ப்பது. அதனால் கெடுதலில்லை, ஆனால் பயனும் இல்லை. உறையில் இருப்பது நம் டொமைனே அல்ல என்கிறபோது நம் பட்டியலை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்? கெடுதல் வருவது, ஏற்கெனவே ஒரு எஸ்.பி.எஃப். வரி இருக்க இரண்டாவதாக ஒன்றைப் போடும்போது. `v=spf1` என்று தொடங்கும் வரி ஒரு பெயருக்கு ஒன்றே இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனை `permerror` என்று நின்றுவிடும். பள்ளியின் வழக்கமான அலுவலக மெயிலும் சேர்ந்து பாதிக்கப்படும். சரியான வழி, உறைக்கென்றே `mail.example.com` போன்ற ஒரு துணை டொமைனை ஒதுக்கி, எஸ்.பி.எஃப். வரியை அங்கே வைப்பது:

```
mail.example.com  TXT  "v=spf1 include:amazonses.com ~all"
mail.example.com  MX   10 feedback-smtp.ap-south-1.amazonses.com
```

இரண்டாவது வரி, திரும்பி வரும் மெயில்களை அமேசானே வாங்கிக்கொள்வதற்கு. டிமார்க் சாதாரணமாகத் துணை டொமைனையும் அதே குடும்பமாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டில் ஒன்று போதுமென்றால் டிகிமைத்தான் நான் முதலில் போடுவேன். ஒரு பெற்றோர் தன் அலுவலக மெயிலை ஜிமெயிலுக்குத் திருப்பி விட்டிருந்தால், அங்கே மெயிலைக் கொண்டுபோவது அவருடைய அலுவலக சர்வர். அதன் ஐபி நம் பட்டியலில் இருக்காது, எஸ்.பி.எஃப். விழுந்துவிடும். அரக்கு முத்திரையோ, கடிதத்தை யாரும் பிரிக்காதவரை, எத்தனை கை மாறினாலும் அப்படியே இருக்கும்.

இத்தனையும் செய்தபின் மூன்று வரியிலும் `pass` வந்தது, `example.com` பெயரிலேயே. ரசீது இன்பாக்ஸில் விழுந்தது. அப்போதுதான் பள்ளி நிர்வாகம் புதுக் கல்வியாண்டின் கட்டண அறிவிப்பை, பழைய பதிவேட்டில் இருந்த 4,000 முகவரிகளுக்கும் ஒரே மாலையில் அனுப்பச் சொன்னது. அனுப்பினோம். 360 மெயில்கள் "அப்படி ஒரு முகவரியே இல்லை" என்று திரும்பின. 9 சதவீதம்.

எஸ்.பி.எஃப்., டிகிம் எல்லாம் அடையாள அட்டைதான். அட்டை வைத்திருப்பவர் நல்லவரா என்பது வேறு கேள்வி. முன்பு எங்கள் குற்றமும் புண்ணியமும் அமேசான் கணக்கில் கரைந்துகொண்டிருந்தன. இப்போது முத்திரை பள்ளியுடையது, ஆகவே பேரும் பள்ளி டொமைனின் பேரில்தான் எழுதப்படும். இல்லாத முகவரிகளுக்கு அடுக்கடுக்காக மெயில் போனால், பெறும் சர்வருக்கு அது விலைக்கு வாங்கிய பட்டியல் போலத்தான் தெரியும். இது ஒருபுறம். எஸ்.இ.எஸ்.-உம் தனியாகக் கணக்கு வைக்கிறது: திரும்பும் மெயில் 5 சதவீதத்தைத் தொட்டால் கணக்கைப் பரிசீலனையில் வைப்பார்கள், 10-ஐத் தொட்டால் அனுப்புவதையே நிறுத்தலாம். ஸ்பேம் என்று புகார் அழுத்தப்படுவதற்கு வரம்பு இன்னும் குறுகலானது: 0.1 சதவீதத்தில் பரிசீலனை, 0.5-இல் நிறுத்தம். ஆயிரத்தில் ஒருவர் முகம் சுளித்தாலே கேள்வி வரும் என்று அர்த்தம்.

எங்களுக்கு 5 புகார் வந்திருந்தது. 4,000-க்கு 0.125 சதவீதம். யார் அழுத்தினார்கள் என்பதை ஜிமெயில் தனித்தனியாகச் சொல்லாது. மொத்த விகிதத்தை மட்டும் `Postmaster Tools` பக்கத்தில் காட்டும், அதுவும் போதுமான எண்ணிக்கையில் மெயில் போனால். யாகூ அப்படியில்லை, எந்த மெயில் என்று திருப்பிச் சொல்லும். வந்த ஐந்து புகாரில் நான்கு ஒரே யாகூ முகவரியிலிருந்து.

தரவுதளத்தில் அந்த முகவரியைத் தேடினேன். 43 மாணவர்களின் பெற்றோர் முகவரியாக அதுவே பதிவாகியிருந்தது. அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"அதுங்களா சார்? மெயில் ஐடி இல்லாதவங்களுக்கு அந்தக் கட்டம் காலியா இருந்தா ஃபார்ம் சேவ் ஆகாது. அதனால எதிர்ல பிரவுசிங் சென்டர் அண்ணன் ஐடியப் போட்டுட்டோம்."

அந்த அண்ணனுக்கு அன்று மாலை ஒரே நிமிடத்தில் 43 கட்டண அறிவிப்புகள் போயிருக்கின்றன. மின்னஞ்சல் கட்டத்தைக் கட்டாயமாக்கி நிரல் எழுதியது நான்தான். அன்றிரவே அந்த ஒரு வரியை எடுத்தேன். திரும்பி வந்த 360 முகவரிகளுக்கும் இனி எதுவும் போகாதபடி தடுத்தேன். ரசீதையும் அறிவிப்பையும் இரண்டு துணை டொமைன்களாகப் பிரித்தேன், அறிவிப்பால் வரும் கெட்ட பேர் முடிந்தவரை ரசீதைத் தொடாமல் இருக்க. அறிவிப்பை அதன்பின் ஒரு நாளைக்கு 200 பேருக்கு என்று, ரசீதை ஏற்கெனவே திறந்து படித்தவர்களிலிருந்து தொடங்கி அனுப்பினோம். பிரவுசிங் சென்டர்காரருக்குப் பள்ளியிலிருந்து நேரில் போய் மன்னிப்புக் கேட்டார்கள்.