கிரெடிட்: ‘நன்றி’ அல்ல, மூலச்சுட்டு

ரியாக்‌ஷன் வீடியோவுக்குக் கீழே ‘கிரெடிட்: உரியவருக்கு’ என்று எழுதியிருப்பதை நிறையப் பார்க்கலாம். அந்த உரியவர் யார் என்பது மட்டும் இருக்காது.

லத்தீனில் ‘கிரேதெரே’ என்றால் நம்புதல். நம்பி ஒப்படைத்த பொருள் ‘கிரேதிதும்’. அதிலிருந்து கடன், கணக்கேட்டில் வரவு என்று பொருள் விரிந்து, ஒரு வேலையைச் செய்தவர் பெயரில் அதை வரவு வைப்பது வரை வந்தது. சினிமா டைட்டில் கார்டில் பெயர் போடுவது இந்தப் பொருளில்தான்.

தமிழ்ப் பத்திரிகைகள் மறுபதிப்புக்குக் கீழே ‘நன்றி’ போட்டு, எடுத்த இதழின் பெயரை எழுதும். அந்தப் பழக்கம் வீடியோவுக்கும் வந்துவிட்டது. நன்றி சொல்பவரின் உணர்வைத்தான் அது காட்டுகிறது. எது யாருடையது, எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுவதில்லை. ஆகவே ‘மூலச்சுட்டு’ என்பதே எங்கள் பரிந்துரை. சுட்டு என்றால் விரல் நீட்டிக் காட்டுவது. பார்வையாளர் அந்த விரலைப் பிடித்தே மூலத்துக்குப் போய்விட வேண்டும்.

பிளெண்டர் ஃபவுண்டேஷன் 2008இல் வெளியிட்ட ‘பிக் பக் பன்னி’ அனிமேஷன் குறும்படத்தை எடுத்துக்கொள்வோம். பெயரைச் சுட்டினால் யாரும் வெட்டி ஒட்டலாம் என்ற உரிமத்தில் வந்த படம் இது. அதன் ஒரு பகுதிக்கு வேறு இசை கோத்து ரீமிக்ஸ் செய்தால், விவரப் பெட்டியில் இப்படி எழுதலாம்:

```
மூலம்: Big Buck Bunny
(c) copyright 2008, Blender Foundation / www.bigbuckbunny.org
உரிமம்: CC BY 3.0
https://creativecommons.org/licenses/by/3.0/
மாற்றம்: 0:40–1:55 மட்டும்; மூல இசை நீக்கி, புது இசை சேர்க்கப்பட்டது
```

பலர் விட்டுவிடுவது கடைசி வரியைத்தான். அது இல்லாவிட்டால் உங்கள் இசையைப் படத்தின் இசையென்று ஒருவர் நினைத்துவிடுவார். மாற்றியதைச் சொல்வது அந்த உரிமத்தின் நிபந்தனையும்கூட.

இன்னொரு தவறு, படத்தை மறுபதிவேற்றம் செய்த சேனலைப் படைப்பாளராகக் காட்டுவது. ஏற்றியவர் வேறு, ஆக்கியவர் வேறு. படத்தின் இறுதியில் ஓடும் பெயர்களையும் ஆக்கியவர்களின் சொந்தத் தளத்தையும் பார்த்து உறுதிசெய்த பிறகு எழுதுங்கள்.

யூடியூப் விவரப் பெட்டியில் முதல் சில சொற்கள்தான் தட்டாமலே தெரியும். மூலச்சுட்டை ஹேஷ்டேகுகளுக்கும் விளம்பர இணைப்புகளுக்கும் கீழே தள்ளினால் யார் கண்ணிலும் படாது, மேலேயே வையுங்கள். ஷார்ட்ஸில் 2023 ஆகஸ்ட் 31 முதல் விவரப் பகுதி இணைப்புகளைச் சொடுக்க முடியாது. அங்கே படைப்பின் பெயரையும் ஆக்கியவர் பெயரையும் திரையிலேயே எழுத்தாகக் காட்டுவது நல்லது.

மூலச்சுட்டு வேறு, அனுமதி வேறு. திறந்த உரிமம் இல்லாத ஒரு பாடலை முழுதாக ஓடவிட்டு, கீழே எல்லாப் பெயரையும் பிசகில்லாமல் எழுதினாலும் யூடியூபின் தானியங்கிச் சோதனை முறையான கன்டென்ட் ஐடி வழியே உரிமைக்கோரல் வரலாம். அந்த முறை ஒலியையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. விவரப் பெட்டியைப் படிப்பதில்லை.