மேடானுக்கு அனுப்பிய நான்கு வரி

2025 நவம்பர் கடைசியில் சென்யார் புயலோடு வந்த மழை சுமத்ராவின் ஆச்சே, வடக்கு, மேற்கு மாகாணங்களை மூழ்கடித்தது. வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். என்னிடம் இந்தோனேசிய மொழி படிக்கும் பொறியாளர் ஒருவர், வடக்கு சுமத்ராவின் மேடான் நகரில் இருக்கும் நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் செய்தி ஒன்று எழுதி, திருத்தித் தரச் சொன்னார்.

இலக்கணம் சரி. படித்ததும் எனக்குத்தான் திக்கென்றது.

தொடக்கமே 'துருத் பெர்டுகா சித்தா'. அகராதியில் வருத்தம் என்றுதான் இருக்கும், ஆனால் அது இழவு விசாரிக்கிற வார்த்தை. அடுத்து 'அபாகா அண்டா ஸெலாமத்?' 'அண்டா' என்பது வங்கிக் கடிதத்து 'தாங்கள்'. 'ஸெலாமத்' இந்த இடத்தில் 'உயிர் பிழைத்தீர்களா' என்று கேட்கும். நண்பர்கள் சொல்வது 'அமான்', பத்திரம். அப்புறம் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, வண்டி போச்சா, நஷ்டம் எவ்வளவு என்று வரிசையாகக் கேள்விகள்.

சேறு அள்ளிக்கொண்டிருப்பவருக்கு ஒவ்வொரு கேள்வியும் ஒரு வேலை. பதில் சொல்ல அந்த நாளை மறுபடி நினைக்க வேண்டும். இதற்கு அந்த மொழியிலேயே வழி உண்டு: 'ஸெமோகா'. 'இருக்கட்டும்' என்று வேண்டிக்கொள்கிற சொல். கேள்விக்குறியே வராது, பதில் போடாவிட்டாலும் மரியாதைக் குறைவில்லை.

கடைசியில் அனுப்பியது இது:

'பாங், அகு டெஙார் மேடான் பாஞ்சிர். ஸெமோகா அபாங் ஸெகெலுவார்கா அமான். ஙாக் ஊசா புரு-புரு பாலஸ் யா. காலாவ் பூதூ அபா-அபா, காபாரி அகு யா.'

அண்ணே, மேடானில் வெள்ளம் என்று கேள்விப்பட்டேன். நீங்களும் குடும்பமும் பத்திரமாக இருக்க வேண்டும். அவசரமாகப் பதில் போட வேண்டாம். எதாவது வேணும்னா சொல்லுங்க.

'மாஸ்' என்று எழுதியிருந்ததை 'பாங்' ஆக்கினேன். 'மாஸ்' ஜாவாக்காரர்களுடையது, மேடானில் மூத்த ஆணை 'பாங்' என்றும் பெண்ணை 'காக்' என்றும் அழைப்பார்கள். வாக்கியக் கடைசியில் வரும் 'யா'வை எடுத்துவிட்டால் மூன்றாவது வரி கட்டளை மாதிரி விழும்.

மூன்று நாள் ஒற்றை டிக். மனிதர் தவித்துப்போனார். செய்தி அந்த போனைச் சேரவில்லை என்பதற்கு மேல் ஒற்றை டிக்குக்கு அர்த்தம் கிடையாது. கரண்ட் இல்லை, டவர் இல்லை, சார்ஜ் இல்லை, எதுவாகவும் இருக்கலாம். மறுபடி மறுபடி அனுப்ப வேண்டாம் என்றேன்.

நான்காம் நாள் பதில் வந்தது: 'அமான், மாகாசி யா.' பத்திரம், நன்றி. உடனே வீட்டைப் பற்றிக் கேட்கப் போனார். தடுத்தேன். 'அமான்' என்றால் ஆள்கள் பத்திரம், அவ்வளவுதான். வீடு நனையவில்லை என்று அதில் இல்லை. அதைச் சொல்வதும் சொல்லாததும் அவர் இஷ்டம். 'ஷுகுர்லா, பாங்' (நல்லவேளை) என்று மட்டும் போட்டோம்.

ஒரு வாரம் கழித்து அவராகவே எழுதினார்: தண்ணீர் வடிந்துவிட்டது, இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறோம், மகளின் பாடப்புத்தகம் எல்லாம் போச்சு. எந்த வகுப்பு என்று அப்போதுதான் கேட்கச் சொன்னேன்.