தீசிஸ்: கட்டிய ஏடா, நாட்டிய வாக்கியமா?

கோயமுத்தூர்ப் பக்கம் ஆய்வு மாணவர்கள் நாலு பேர் டீக்கடையில் நின்றால் இந்தச் சொல் காதில் விழாமல் இருக்காது. "தீசிஸ் பைண்டிங்குக்குக் கொடுத்தாச்சுங்களா?" என்று ஒருவர் கேட்பார், "இன்னும் ரெண்டு இயல் பாக்கிங்க" என்று இன்னொருவர் சொல்வார். தீசிஸ் என்றால் இங்கே கெட்டி அட்டை போட்ட முந்நூறு பக்கம், அவ்வளவுதான்.

ஆனால் சொல் பிறந்தபோது அதற்கு அட்டையும் இல்லை, பக்கமும் இல்லை. கிரேக்கத்தில் 'வைத்தல்', 'நாட்டுதல்' என்ற பொருளுள்ள வினையடியிலிருந்து வந்தது அது. ஒருவர் சபையில் வைத்துவிட்டு, அடுத்தவர் என்ன கேட்டாலும் விடாமல் நின்று காக்கிற ஒரு கூற்றுக்குத்தான் அந்தப் பெயர். ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களில் பட்டம் வாங்க இப்படிக் கூற்றுகளை வைத்து வாதாட வேண்டும். மார்ட்டின் லூதர் 1517-இல் எழுதிய 95 தீசிஸ்களும் 95 நூல்கள் இல்லை, சபையில் வாதிக்க வைத்த சின்னச் சின்னக் கூற்றுகள். பிற்பாடுதான் கூற்றின் பெயர் அதைச் சுமக்கிற ஏட்டுக்கு ஏறிக்கொண்டது.

தமிழில் ஏட்டுக்கு 'ஆய்வேடு' என்ற நல்ல சொல் இருக்கிறது, அதில் சண்டை இல்லை. கூற்றுக்கு என்ன சொல்வது? 'கருதுகோள்' என்று சிலர் எழுதுகிறார்கள், அது சோதித்துப் பார்ப்பதற்கு முன் வைப்பது, வேறு சரக்கு. பழைய உரைகளில் 'மேற்கோள்' இந்தப் பொருளில் வரும், ஏதுவும் எடுத்துக்காட்டும் அதன் பின்னால் வரும், ஆனால் இன்றைக்கு மேற்கோள் என்றால் அடுத்தவர் வரியை எடுத்துப் போடுவது என்றாகிவிட்டதால் அதைத் தொட்டால் குழப்பம்தான். எனக்குப் பிடித்தது 'துணிபு'. இன்னும் நெருக்கமாக வேண்டுமென்றால் நன்னூலில் நூலாசிரியர் கொள்ளும் ஏழு மதங்களை, அதாவது ஏழு கொள்கைகளைச் சொல்லும் இடத்தில் ஒன்று வருகிறது: "தாஅன் நாட்டித் தனாது நிறுப்பே". தானே ஒன்றை நாட்டி, அதைக் கடைசிவரை நிலைநிறுத்துவது. கிரேக்கக்காரர் சொன்ன அதே நாட்டுதல். (நன்னூல் எழுதிய பவணந்தி பிறந்தது பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள், அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.)

சரி, இதற்கும் இயல் எழுதுவதற்கும் என்ன தொடர்பு என்றால், தீசிஸை ஏடு என்று நினைப்பவர் பக்கத்தை நிரப்புவார், துணிபு என்று நினைப்பவர் ஒவ்வொரு பகுதியிலும் ஒன்றை நாட்டியாக வேண்டும். விஜயமங்கலத்துக் கொங்குவேளிர் எழுதிய, உதயணன் என்ற அரசனின் கதையைச் சொல்லும் பெருங்கதையை எடுத்துக்கொள்வோம். 'பெருங்கதையில் அமைச்சர்கள்' என்று ஒரு இயல். வழக்கமாக இது எப்படி வரும்? உஞ்சைக் காண்டத்தில் அமைச்சர், இலாவாண காண்டத்தில் அமைச்சர், மகத காண்டத்தில், வத்தவ காண்டத்தில், நரவாண காண்டத்தில் என்று ஐந்து பகுதி. ஒவ்வொன்றிலும் கதைச் சுருக்கம் கொஞ்சம், எட்டு அடிப் பாடல், அதற்குக் கீழே "என்ற அடிகள் வாயிலாக யூகியின் மதிநுட்பம் புலனாகிறது" என்று ஒரு வரி. உதயணனின் அமைச்சன் யூகி மதிநுட்பம் உள்ளவன் என்பது கதை படித்த யாருக்கும் தெரியும். அதை யாரும் மறுக்கப் போவதில்லை, ஆகவே அங்கே எதுவும் நாட்டப்படவும் இல்லை.

இது உலா. நூல் போகிற வழியிலேயே நாமும் போய்த் திரும்புவது. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: இரண்டாம் பகுதியையும் நான்காம் பகுதியையும் இடம் மாற்றிப் பாருங்கள். காண்ட வரிசை கலைந்தது தவிர வேறெதுவும் கெடவில்லை என்றால் அந்த இயலில் வாதம் இல்லை.

இப்போது அதே சரக்கில் ஒரு துணிபு வைப்போம்: 'பெருங்கதையில் கதையை நடத்துகிறவர்கள் அமைச்சர்கள், உதயணன் அல்லன்.' இதை ஒருவர் மறுக்க முடியும், அதனால் இது தேறும். முதல் பகுதி நாட்ட வேண்டியது, அரசனுக்குத் தெரியாமலே அரசனுக்கான முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்பதை மட்டும். அதற்கு ஐந்து காண்டமும் வேண்டாம், இலாவாணத்துத் தீ ஒன்றே போதும். யூகி அரசி வாசவதத்தையை மறைத்துவிட்டு அவள் தீயில் மாண்டாள் என்று உதயணனை நம்ப வைக்கிறான். இங்கே யூகி கெட்டிக்காரன் என்பதை விட்டுவிட்டு, கதையின் மையமான பிரிவையே ஓர் அமைச்சன் உண்டாக்குகிறான், அரசன் அதை அனுபவிக்க மட்டுமே செய்கிறான் என்று எழுதினால் பகுதி தன் வேலையைச் செய்துவிட்டது.

உடனே ஒரு கேள்வி எழும். மகதத்தில் மாறுவேடத்தில் இருக்கும் உதயணன் மகத இளவரசி பதுமாபதி மேல் காதல் கொள்கிறானே, அது அவனுடைய செயல்தானே? இரண்டாம் பகுதி அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். காதல் அவனுடையது, ஆனால் அந்த மணத்தால் வரும் மகத மன்னன் தருசகனின் துணை, உதயணனின் தலைநகரான கோசம்பியை அதைப் பிடித்துக்கொண்ட ஆருணியிடமிருந்து மீட்கப் பயன்படுகிறது, அதாவது அரசன் தானாக விரும்பியதும் அமைச்சர்களின் நோக்கத்துக்குள் வந்து சேர்கிறது. முதல் பகுதி இல்லாமல் இது எழும்பாது, ஏனென்றால் அரசனுக்கான முடிவுகளை எடுக்கிறவர்கள் அமைச்சர்கள் என்பதை அங்கேதான் நாட்டினோம். இனி இடம் மாற்றிப் பாருங்கள், உடையும்.

மூன்றாவதில்தான் சிக்கல். வத்தவ காண்டத்தில் மானனீகை என்ற பெண் வருகிறாள், உதயணன் அவள் மேலும் காதல் கொள்கிறான். இந்தக் காதலால் நாட்டுக்கு ஆதாயம் ஒன்றும் இல்லை, அரண்மனைக்குள் வாசவதத்தையின் கோபம்தான் மிச்சம். உலா எழுதுகிறவருக்கு இது தொந்தரவே இல்லை, இன்னொரு நிகழ்ச்சி என்று போய்விடுவார். துணிபு வைத்தவருக்கு இது இடிக்கும். நிறையப் பேர் இந்த இடத்தில் மானனீகையைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள், வைவாவில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். செய்ய வேண்டியது துணிபைத் திருத்துவது: 'நாடு இழந்திருக்கும் வரை கதை அமைச்சர்கள் கையில், நாடு மீண்டபின் அரசனின் ஆசை அவனுடையதாகிறது.' பாருங்கள், இடித்த சான்று துணிபைக் கூர்மையாக்கிவிட்டது, அதோடு நாட்டைக் கதையின் அச்சாக நிறுத்திவிட்டது. திருத்திய துணிபை இயலின் முன்னுரையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, முதல் இரண்டு பகுதிகளின் கடைசி வரிகளையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். அந்த வேலையைத் தள்ளிப்போட்டால் முன்னுரை ஒன்று சொல்லும், முடிவு வேறொன்று சொல்லும்.

தலைப்பையும் கவனியுங்கள். 'யூகியின் பண்புகள்' என்பது பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு, எதை வேண்டுமானாலும் உள்ளே போடலாம். 'பிரிவை உண்டாக்குபவன் யூகி' என்றால் அதற்குள் பொருந்தாத பாடல் தானே வெளியே நிற்கும். பல்கலைக்கழக வழக்கத்துக்குப் பெயர்ச்சொல் தலைப்புத்தான் வேண்டும் என்று கைடு சொன்னால் அச்சில் அப்படியே இருக்கட்டும், வரைவில் மட்டும் பயனிலையோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த மேற்கோள் பழக்கம்: பாடலுக்குப் பின்னால் வருகிற வரி பாடல் சொன்னதையே திரும்பச் சொன்னால் எடுத்துவிடுங்கள், அந்த அடிகளால் துணிபுக்கு என்ன கிடைத்தது என்று எழுதுங்கள்.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று இல்லை. பெருங்கதையின் முதலும் முடிவும் கிடைக்காமல் போனது, உ.வே.சா. 1924-இல் பதிப்பித்தது, மூலக்கதையான பிருகத்கதையின் மரபோடு அதற்குள்ள உறவு, இவற்றையெல்லாம் ஒரு முன் இயலில் தொகுத்தே சொல்லலாம். அங்கே துணிபைத் திணித்தால்தான் செயற்கையாக இருக்கும். ஆனால் அந்தத் தொகுப்பு பின்னால் வருகிற இயலுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இருந்தால் போதும். மேலே வைத்த துணிபுக்கு, கதையின் இரு முனைகளும் நம் கையில் இல்லை என்ற தகவல் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் முடிவில் அமைச்சர்கள் என்ன ஆனார்கள் என்று இந்தக் காப்பியத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது.