ஒரே குவாரிக்கு 5 சதவீதமும் 40 சதவீதமும்: ஐஆர்ஆர் தடுமாறும் இடம்

மேலூர் பக்கம் கல் குவாரிக் கணக்குப் பார்க்கிற எந்த ஆடிட்டரும் ஒரு நாள் இந்தச் சிக்கலில் வந்து நிற்பார். குவாரியில் பணம் முதலில் போகும், பிறகு வரும், கடைசியில் மறுபடி போகும். குத்தகை முடிந்ததும் குழியைச் சுற்றி வேலி போட வேண்டும், விளிம்பைச் சரிவாக்க வேண்டும், மரம் நட வேண்டும், நிலத்துக்காரருக்குப் பாக்கியைத் தீர்க்க வேண்டும். அதாவது பணவரத்தின் குறி கழித்தல், கூட்டல், கழித்தல் என்று இரண்டு முறை மாறுகிறது. போட்ட பணம் வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஈட்டுகிறது என்று சொல்லும் ஐஆர்ஆரை, அந்த இரண்டாவது மாற்றம்தான் கவிழ்க்கிறது.

என்னிடம் வந்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி எண்களை மாற்றி, உருண்டையாக்கியிருக்கிறேன். வருமான வரியையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

முக்கால்வாசி வெட்டி முடித்த ஒரு குவாரியை ஒருவர் எடுக்க நினைத்தார். இன்று 100 லட்சம் கொடுக்க வேண்டும். மீதியுள்ள கல்லை ஒரே வருடத்தில் வெட்டி விற்றால், செலவெல்லாம் போக 245 லட்சம் கைக்கு வரும். இரண்டாம் வருடக் கடைசியில் மூடும் செலவு 147 லட்சம். இவ்வளவு பெரிய தொகையா என்றால், முன்னால் இருந்தவர்கள் வெட்டிய குழியும் சேர்ந்தே இவர் தலையில் விழுகிறது. விற்பவர் அவசரப்பட்டதற்குக் காரணமும் அதுதான் என்பது என் ஊகம்.

தரகர் கொடுத்த தாளில் ஐஆர்ஆர் 40 சதவீதம் என்று இருந்தது. இவர் மகன் வீட்டில் எக்செலில் போட்டுப் பார்த்தால் 5 சதவீதம் வந்தது. "யாரு சார் தப்பாப் போட்டது?" என்று கேட்டார். இரண்டு பேருமே தப்பாகப் போடவில்லை. B2 முதல் B4 வரை -100, 245, -147 என்று நிரப்பி நீங்களே பார்க்கலாம்:

```
=IRR(B2:B4)
=IRR(B2:B4,0.5)
```

முதலாவதற்கு 5%, இரண்டாவதற்கு 40%. எக்செல் ஒரு உத்தேச விகிதத்தில் தொடங்கித் தேடிப் போகும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் 10 சதவீதத்தில் தொடங்கும். எந்த விடை பக்கத்தில் அகப்படுகிறதோ அதைக் காட்டிவிட்டு நின்றுவிடும். இன்னொன்றும் இருக்கிறது என்று சொல்லாது.

இரண்டு விடை எப்படி வருகிறது என்பதைச் சூத்திரம் இல்லாமல், வட்டிக் கணக்காகவே பார்க்கலாம். 40 சதவீதத்தில் 100 லட்சம் ஒரு வருடத்தில் 140 ஆகும். 245 வந்ததும் அதைக் கழித்தால் மிச்சம் 105. அந்த 105ம் அடுத்த வருடம் 40 சதவீதத்தில் வளர்ந்தால் சரியாக 147. மூடும் செலவு தீர்ந்தது, கணக்கு நேர். இப்போது 5 சதவீதத்தில் போடுங்கள். 100 என்பது 105 ஆகும், மிச்சம் 140, அது 5 சதவீதத்தில் வளர்ந்து 147. இதுவும் நேர்!

ஆக, முதல் வருடம் குவாரி நமக்குக் கடன்பட்டிருக்கிறது. இரண்டாம் வருடம் நாம் குவாரிக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஐஆர்ஆர் இரண்டு வருடத்துக்கும் ஒரே விகிதத்தைப் போடுகிறது. 40 சதவீதம் என்ற விடையை நம்பினால், கையில் தங்கும் 105 லட்சத்தை நாம் எங்கோ 40 சதவீதத்துக்கு விட்டு வைக்கப் போகிறோம் என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். மதுரையில் அப்படி ஒரு இடம் எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் அங்கே போடச் சொல்ல மாட்டேன்.

சரி, வருகிற, போகிற தொகையை எல்லாம் வட்டி கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டிக் கழிக்கும் என்பிவி என்ன சொல்கிறது? அவருக்குக் கடன் கிடைக்கும் வட்டி 12 சதவீதம். அதில் தள்ளிப் பார்த்தால் 245 இன்றைய மதிப்பில் 218.75, 147 இன்றைய மதிப்பில் 117.19. நிகரம் 1.56 லட்சம் லாபம். ஒரு கோடி போட்டு, இவ்வளவு அலைந்து, ஒன்றரை லட்சம். 40ம் இல்லை, 5ம் இல்லை, நூலிழையில் தப்பிக்கிற தொழில் என்பது இப்போதுதான் கண்ணில் படுகிறது. எக்செலில் இதைப் போடும்போது ஒரு பழைய பொறி உண்டு. `NPV` முதல் தொகையையும் ஒரு வருடம் தள்ளிவிடும். அதனால் இன்றைய தொகையை வெளியே வைக்க வேண்டும்:

```
=B2+NPV(12%,B3:B4)
```

அடுத்து நான் எப்போதும் செய்வது, மூடும் செலவை மட்டும் கொஞ்சம் ஏற்றிப் பார்ப்பது. 147க்குப் பதில் 150 போடுங்கள். மூன்று லட்சம்தான் கூடுகிறது, ஜேசிபி வாடகையிலேயே அடித்துக்கொண்டு போகிற தொகை. ஐஆர்ஆர் இப்போது 20 சதவீதம், இன்னொரு விடை 25 சதவீதம். இரண்டுமே 12க்கு மேல்! செலவு ஏறியதும் மகன் போட்ட 5 சதவீதம் 20 ஆகிவிட்டது. ஆனால் என்பிவி 83 ஆயிரம் நஷ்டம் காட்டுகிறது. இன்னும் ஒரு லட்சம் ஏற்றி 151 ஆக்கினால் எக்செல் `#NUM!` என்று கைவிரித்துவிடும். உத்தேசத்தை மாற்றிப் பயனில்லை, உண்மையிலேயே விடை கிடையாது. நாலு லட்ச வித்தியாசத்துக்குள் இத்தனை கூத்து. என்பிவி மட்டும் நிதானமாக, ஒவ்வொரு லட்சத்துக்கும் ஏறக்குறைய 80 ஆயிரம் என்று இறங்கிக்கொண்டே போகிறது.

இது எக்செலின் கோளாறு அல்ல. குறி எத்தனை முறை மாறுகிறதோ அத்தனை விடைகள் வரைக்கும் இருக்கலாம் என்ற கணித விதியை தேகார்த் 1637லேயே எழுதிவிட்டார். அதனால் ஐஆர்ஆரைத் தொடும் முன் பணவரத்து வரிசையில் குறியை எண்ணுங்கள். ஒரு முறைக்கு மேல் மாறினால் அந்தத் திட்டத்துக்கு ஐஆர்ஆரை நான் அறிக்கையில் எழுதுவதில்லை. வங்கி சதவீதக் கணக்கு கேட்டே தீருவேன் என்றால், கடன் வட்டியையும் கையில் தங்கும் பணத்தின் வட்டியையும் நாமே சொல்கிற `=MIRR(B2:B4,12%,12%)` போட்டுக் கொடுக்கலாம். நம் முதல் கணக்குக்கு அது 12.4 சதவீதம் காட்டும், என்பிவி சொன்ன அதே கதை.

ஆனால் என்பிவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அதுவும் 12 சதவீதத்தை இரண்டு வருடத்துக்கும்தான் போடுகிறது. 112 லட்சம் கடனை அடைத்த பிறகு கையில் தங்கும் 133 லட்சமும் 12 சதவீதம் சம்பாதித்தால்தான் அந்த லாபம். வேறொரு ஓவர்டிராஃப்ட் கடன் அதே வட்டியில் ஓடிக்கொண்டிருந்து, அதில் இந்தப் பணத்தைக் கட்டினால் சரி, 12 மிச்சமாகும். இவருக்கு அப்படி எந்தக் கடனும் இல்லை. "எஃப்டியில போட்டு வச்சிருவேன்" என்றார். 7 சதவீதம் என்று வைத்தால் 133 லட்சம் 142.31 ஆகும். மூடும் செலவுக்கு 4.69 லட்சம் துண்டு விழும்.

தள்ளும் விகிதத்தை ஏற்றினால் என்பிவி குறையும் என்ற வழக்கமான நினைப்பும் இங்கே பொய்க்கும். 12க்குப் பதில் 20 சதவீதம் போட்டால் என்பிவி 2.08 லட்சமாக ஏறுகிறது. ரிஸ்க் அதிகம், விகிதத்தைக் கூட்டுவோம் என்று நினைப்பவர் தெரியாமலே மூடும் செலவைச் சிறியதாக்கிவிடுகிறார். ரிஸ்க்கை விகிதத்தில் காட்டாமல் அந்த 147ஐயே ஏற்றிக் காட்டுவதுதான் முறை.

கடைசியில் கணக்கைப் பின்னாலிருந்து போட்டோம். எஃப்டியில் 147 ஆக வேண்டுமானால் முதல் வருடக் கடைசியில் 137.38 லட்சம் ஒதுக்க வேண்டும். 245இல் அது போனால் கடனை அடைக்க 107.62. அதன் இன்றைய மதிப்பு 96 லட்சம் சொச்சம். அதற்கு மேல் ஒரு ரூபாயும் பேச வேண்டாம், மூடும் செலவுக்கு எழுத்தில் கொட்டேஷன் வாங்காமல் அந்த 96ஐயும் பேச வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.